ஆக்குபேஷனல் தெரபி படிப்புக்கான நோக்க அறிக்கை: செவிலியத்திலிருந்தும் பிசியோதெரபியிலிருந்தும் உள்ள வேறுபாட்டை எழுதிக் காட்டும் முறை

ஆக்குபேஷனல் தெரபி பட்டப்படிப்புக்கு வரும் நோக்க அறிக்கைகளைப் படிக்கும் தேர்வாளரின் மனத்தில் முதல் வரியிலிருந்தே ஒரு கேள்வி இருக்கும்: இந்த விண்ணப்பதாரர் ஏன் செவிலியத்தையோ பிசியோதெரபியையோ தேர்ந்தெடுக்கவில்லை? பெரும்பாலான அறிக்கைகள் இந்தக் கேள்விக்கு விடை தராமலே முடிந்துவிடுகின்றன. பிறருக்கு உதவும் விருப்பம், பொறுமை, அறிவியல் ஆர்வம், மருத்துவமனைச் சூழலில் கிடைத்த அனுபவம் ஆகியவற்றைச் சொல்லி அவை நிறைவடைகின்றன. அவற்றில் எதுவும் பொய்யில்லை என்றாலும், அதே வரிகளை வைத்துக்கொண்டு செவிலியப் படிப்புக்கும் விண்ணப்பித்துவிடலாம் என்பதே குறை.

இந்த வழிகாட்டி அந்த ஒரு குறையை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அறிக்கையின் மற்ற பகுதிகளான பள்ளிப் பாடங்கள், பொழுதுபோக்குகள், எதிர்காலத் திட்டம் ஆகியவற்றைப் பற்றிப் பொதுவான அறிவுரைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. மூன்று தொழில்களுக்கும் உள்ள வேறுபாட்டை, மற்ற இரண்டையும் தாழ்த்தாமல், கண்முன் நடப்பதுபோல எழுதிக் காட்டுவதுதான் கடினம். ஆக்குபேஷனல் தெரபியை முதன்மையாக வைத்து அதை விளக்கிவிட்டு, பேச்சு சிகிச்சைக்கு விண்ணப்பிப்பவர்கள் எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை இறுதிப் பகுதியில் சொல்கிறேன்.

முதல் படி: ஒரே நோயாளியை மூவரின் கண்ணால் பாருங்கள்

வேறுபாட்டை எழுதுவதற்கு முன் அதை நீங்கள் தெளிவாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். வரையறைகளை மனப்பாடம் செய்வதைவிட, ஒரே நோயாளியிடம் மூவரும் எதைப் பார்க்கிறார்கள் என்று யோசிப்பது பயன் தரும்.

மூளையின் வலப் பக்கத்தில் பக்கவாதம் தாக்கி, உடலின் இடப் பக்கம் பாதிக்கப்பட்ட அறுபது வயதுப் பெண்மணி ஒருவரை எடுத்துக்கொள்வோம். செவிலியர் அவருடைய இரத்த அழுத்தத்தையும் உணர்வு நிலையையும் இடைவிடாமல் கண்காணிக்கிறார், மருந்து கொடுக்கிறார், படுக்கைப் புண் வராதபடி உடலின் நிலையை மாற்றுகிறார், இரவு இரண்டு மணிக்கு ஏற்படும் சிறு மாற்றத்தையும் கவனித்து உரியவர்களை அழைக்கிறார். நோயாளியின் உடல்நிலை முழுவதையும் நாள் முழுவதும் தாங்கிப் பிடிக்கும் பொறுப்பு அவருடையது. பிசியோதெரபிஸ்ட் அந்தப் பெண்மணியின் அசைவைப் பார்க்கிறார். உட்காரும்போது உடல் எந்தப் பக்கம் சாய்கிறது, எழுந்து நிற்கும்போது எடை எந்தக் காலில் விழுகிறது, தசை எவ்வளவு இறுகியிருக்கிறது, நடையில் எந்தக் கட்டம் தடைப்படுகிறது என்று ஆராய்ந்து, அசைவை மீட்டெடுக்கும் பயிற்சியைத் திட்டமிடுகிறார்.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் காலையில் அவர் உடை அணியும் நேரத்தில் வந்து சேர்கிறார். சட்டையை மடியில் வைத்துவிட்டு, உதவி செய்யாமல் சற்று விலகி நின்று கவனிக்கிறார். பெண்மணி வலக் கையைச் சட்டைக்குள் நுழைக்கிறார். கழுத்துப் பட்டியைச் சரிசெய்கிறார். அணிந்து முடித்துவிட்டதாகச் சொல்கிறார். இடக் கைச் சட்டை முதுகுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கிறது. கையில் வலு இல்லாததுதான் காரணம் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் தசை வலுவை ஐந்து புள்ளிகளுக்கு அளக்கும் சோதனையில் அந்தக் கைக்கு நான்கு கிடைத்திருக்கிறது. கையை உயர்த்தச் சொன்னால் உயர்த்துகிறார். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: இடப் பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவருடைய கவனம் பதிவு செய்வதில்லை. ஒருபக்கப் புறக்கணிப்பு எனப்படும் இந்த நிலை, மூளையின் வலப் பக்கம் பாதிக்கப்பட்டவர்களிடம் அதிகமாகக் காணப்படுகிறது.

தெரபிஸ்ட் இதற்குப் பிறகு செய்வதுதான் இத்தொழிலின் இயல்பைக் காட்டுகிறது. உடை அணிதல் என்ற செயலைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எந்தத் திறன் குறைகிறது என்று கண்டறிகிறார். பாதிக்கப்பட்ட கையை முதலில் நுழைக்கும் முறையைப் பழக்குகிறார். சட்டையின் இட ஓரத்தில் கண்ணைக் கவரும் நிறப் பட்டை ஒன்றை வைத்து, அது தெரியும்வரை தலையைத் திருப்பித் தேடும்படி சொல்லிக் கொடுக்கிறார். முதலில் வாய்மொழியாக நினைவூட்டுகிறார். பிறகு நினைவூட்டலைக் குறைத்துக்கொண்டே வருகிறார். நோயாளியால் முடிகிற எல்லையில் செயலின் கடினத்தை ஏற்றியும் இறக்கியும் அமைக்கிறார். சட்டை போடுவது இங்கே ஒரே நேரத்தில் பரிசோதனையாகவும் சிகிச்சையாகவும் அடைய வேண்டிய இலக்காகவும் இருக்கிறது.

அதே காலையில் செவிலியரும் அந்தப் பெண்மணிக்கு உடை அணிவிக்க உதவியிருக்கக்கூடும். பிசியோதெரபிஸ்ட்டும் அதே கையைத் தொட்டுப் பயிற்சி அளித்திருப்பார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் வேலையை மூவருமே செய்கிறார்கள். ஆகையால் யார் என்ன செய்கிறார் என்ற பட்டியலால் வேறுபாட்டைப் பிடிக்க முடியாது. எந்தக் கேள்விக்கு விடை தேடிச் செய்கிறார் என்று பார்த்தால்தான் அது பிடிபடும். இந்தப் பெண்மணி வீடு திரும்பிய பிறகு எந்தச் செயல்களை மீண்டும் தாமே செய்ய விரும்புகிறார், அவற்றுக்கு இடையே நிற்பது எது, எதை மாற்றினால் அவை நடக்கும் என்பதே ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டின் கேள்வி. மாற்ற வேண்டியது அவருடைய திறனாக இருக்கலாம், செய்யும் முறையாக இருக்கலாம், கருவியாகவோ வீட்டின் அமைப்பாகவோ இருக்கலாம்.

அறிக்கைகளில் அடிக்கடி வரும் மூன்று பிழைகளை இங்கேயே களைந்துவிடுங்கள். ஆக்குபேஷனல் தெரபி கைக்கு உரியது, பிசியோதெரபி காலுக்கு உரியது என்பது தவறு. செவிலியர் மருத்துவர் சொல்வதை மட்டும் நிறைவேற்றுகிறார் என்பது தவறு மட்டுமல்ல, தேர்வுக் குழுவில் அமர்ந்திருப்பவர்களை வருத்தவும் செய்யும். மற்றவர்கள் நோயைப் பார்க்கிறார்கள், நாங்கள்தான் முழு மனிதரைப் பார்க்கிறோம் என்பது மூன்றாவது. இதுதான் மிக அதிகமாக எழுதப்படுகிறது. முழு மனிதரைப் பார்ப்பதாகச் செவிலியமும் பிசியோதெரபியும் தத்தம் பாடத்திட்டங்களில் சொல்லிக்கொள்கின்றன, அதில் நியாயமும் இருக்கிறது. எனவே அந்தத் தொடரால் எதையும் வேறுபடுத்திக் காட்ட முடியாது.

இரண்டாம் படி: பார்த்ததைக் குறித்துவைக்கும் முறை

நல்ல பத்தி ஒன்று அமைவதும் அமையாததும் பெரும்பாலும் எழுதும்போது முடிவாவதில்லை, பார்க்கும்போதே முடிவாகிவிடுகிறது. தெரபிஸ்ட் ஒருவருடன் சில நாள்கள் இருந்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், ஒவ்வொரு சந்திப்புக்கும் நான்கு குறிப்புகளை எழுதிக்கொள்ளுங்கள். நோயாளி செய்ய முயன்ற செயல் எது? எந்த இடத்தில் அது நின்றது? தெரபிஸ்ட் எதை மாற்றினார்? அதன் பிறகு என்ன நடந்தது? பலர் மூன்றாவதை மட்டும் எழுதிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அப்போது கருவிகளின் பெயர்கள் மட்டும் கையில் மிஞ்சுகின்றன. அவை ஏன் தேவைப்பட்டன என்பது மறந்துபோகிறது.

இரண்டாவது குறிப்பைத்தான் மிகுந்த கவனத்துடன் எழுத வேண்டும். 'அவரால் சமைக்க முடியவில்லை' என்று எழுதினால் போதாது. நிற்க முடியாததாலா, அடுத்து என்ன செய்வது என்பது மறந்ததாலா, பொருள் கைக்கு எட்டாததாலா, மீண்டும் விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தாலா என்று பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டால் சந்திப்பு முடிந்தபின் தெரபிஸ்ட்டிடம், "அவர் அந்த இடத்தில் நின்றதும் நீங்கள் ஏன் உடனே உதவவில்லை?" என்பதுபோலக் குறிப்பாகக் கேளுங்கள். "உங்கள் வேலையில் பிடித்தது என்ன?" என்ற பொதுக் கேள்விக்குக் கிடைக்கும் விடை அறிக்கைக்குப் பெரும்பாலும் உதவுவதில்லை.

தெரபிஸ்ட்டுடன் இருக்கும் வாய்ப்பே கிடைக்காதவர்களும் கலங்க வேண்டியதில்லை. முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருந்தவர், சிறப்புப் பள்ளியில் தன்னார்வலராக இருந்தவர், வீட்டில் நோயுற்ற உறவினரைப் பார்த்துக்கொண்டவர் ஆகிய அனைவரும் ஒரு செயல் தடைப்பட்டு நின்ற கணத்தைப் பார்த்திருப்பார்கள். அந்தக் கணத்தை ஆக்குபேஷனல் தெரபியின் கேள்வியோடு பார்க்கத் தெரிந்திருக்கிறது என்று காட்டினால் போதும். நீங்களே சிகிச்சை அளித்ததுபோல் மட்டும் எழுதிவிடாதீர்கள்.

நோயாளியின் பெயர், அறை எண், நிறுவனத்தின் பெயர், அரிதான நோயுடன் வயதும் ஊரும் சேர்ந்த விவரம் என அவரை அடையாளம் காட்டக்கூடிய எதுவும் குறிப்பேட்டிலும் அறிக்கையிலும் இடம்பெறக் கூடாது. நோயாளியின் இரகசியத்தைக் காப்பது இத்தொழில்களின் அடிப்படை நெறி என்பதால், இந்தத் தவறு ஒன்றே விண்ணப்பத்தைப் பாதிக்கப் போதுமானது.

மூன்றாம் படி: ஒரு பத்தியை எழுதித் திருத்துதல்

இனி ஒரு பத்தியை மூன்று நிலைகளில் பார்ப்போம். விண்ணப்பதாரர் ஒரு மறுவாழ்வு மையத்தில் தன்னார்வலராக இருந்தவர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய முதல் வரைவு இப்படி இருக்கிறது:

> மறுவாழ்வு மையத்தில் பணியாற்றியபோது, இடுப்பெலும்பு முறிந்த ஒரு முதியவர் மீண்டும் பிறர் துணையின்றி வாழ ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் உதவியதைக் கண்டேன். அவருடைய பொறுமையும் கனிவும் என்னை மிகவும் கவர்ந்தன. மக்களின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்தும் இத்துறையில் நானும் பங்களிக்க விரும்புகிறேன்.

இதில் 'ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்' என்பதை எடுத்துவிட்டு 'பிசியோதெரபிஸ்ட்' என்றும், பிறகு 'செவிலியர்' என்றும் போட்டுப் படித்துப் பாருங்கள். இரண்டு முறையும் பத்தி எந்த உறுத்தலும் இல்லாமல் ஓடுகிறது. இந்தப் பெயர் மாற்றுச் சோதனையை அறிக்கையின் ஒவ்வொரு பத்திக்கும் செய்து பார்க்க வேண்டும் என்பதே நான் வற்புறுத்திச் சொல்வது. கல்வித் தகுதியைச் சொல்லும் பத்தி சோதனையில் தோற்றால் பரவாயில்லை. ஏன் இந்தத் தொழில் என்று சொல்லும் பத்தி தோற்கவே கூடாது.

குறையை உணர்ந்த விண்ணப்பதாரர்கள் இரண்டாம் வரைவில் வழக்கமாகச் செய்வது இது:

> செவிலியர்கள் நோயாளிகளைப் பராமரிக்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட்டுகள் உடல் அசைவில் கவனம் செலுத்துகிறார்கள். ஆக்குபேஷனல் தெரபியோ உடல், மனம், சூழல் ஆகிய அனைத்தையும் ஒருங்கே நோக்கும் துறை என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

பெயரை மாற்றினால் இந்தப் பத்தி நிற்காது என்பது உண்மைதான். ஆனாலும் இது நல்ல பத்தியாகிவிடவில்லை. பாடநூலின் முதல் பக்கத்தைப் படித்தவர் எவரும் இதை எழுதிவிடலாம். அந்த முதியவர் காணாமல் போய்விட்டார். மற்ற இரு தொழில்களும் ஒவ்வொரு வினைச்சொல்லுக்குள் சுருங்கிவிட்டன. விண்ணப்பதாரர் தாம் கண்டதை நம்பாமல், கேட்டதை ஒப்பிக்கிறார் என்ற எண்ணமே படிப்பவருக்கு ஏற்படும்.

மூன்றாம் வரைவு அவருடைய குறிப்பேட்டிலிருந்து தொடங்குகிறது:

> இடுப்பெலும்பு அறுவைக்குப் பின் வீடு திரும்பவிருந்த முதியவர் ஒருவரின் சமையலறைப் பயிற்சியை அருகிலிருந்து பார்த்தேன். சில வாரப் பிசியோதெரபியின் பயனாக அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு தடுமாறாமல் நடந்தார். சூடான பானம் ஒன்றைத் தாமே தயாரித்தார். ஆனால் குவளை நிரம்பியதும் அப்படியே நின்றுவிட்டார். வாக்கரைப் பிடிக்க இரண்டு கைகளும் தேவைப்பட்டன. ஒரு கையை எடுத்துக் குவளையைத் தூக்கியபோது வாக்கர் ஒரு பக்கம் சரிந்தது. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் குவளையை வாங்கி வைத்துவிட்டு, வீட்டில் எங்கே அமர்ந்து அருந்துவது வழக்கம் என்று கேட்டார். சன்னலோர நாற்காலியில் என்று அவர் சொன்னார். சமையல் மேடையிலிருந்து அந்த நாற்காலிவரை உள்ள தூரம், நடுவில் இருக்கும் வாசற்படி, தரைவிரிப்பு ஆகியவற்றை விசாரித்த தெரபிஸ்ட், அவருடைய சமநிலை போதுமானதா என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் உறுதிசெய்துகொண்டு, தட்டுடன் கூடிய தள்ளுவண்டி ஒன்றைத் தள்ளிச் செல்லப் பழக்கினார். அன்று அவருடைய காலின் வலு கூடவில்லை. இருந்தும் காலையில் முடியாதிருந்த ஒரு செயல் மதியத்துக்குள் முடிந்தது. நடை மீண்ட பிறகும் நாள் மீளாமல் இருக்கக்கூடும் என்பதை அங்கே உணர்ந்தேன். அந்த இடைவெளியில் பணியாற்றவே விரும்புகிறேன்.

இந்தப் பத்தியில் என்ன நடக்கிறது என்று சற்றுப் பொறுமையாகப் பார்க்கலாம். பிசியோதெரபியின் சாதனை இரண்டாம் வாக்கியத்திலேயே மதிப்போடு சொல்லப்பட்டுவிட்டது. அது முடிந்த இடத்திலிருந்து அடுத்த கேள்வி தொடங்குவதால், எந்தத் தொழிலையும் குறைத்துச் சொல்லாமலே வேறுபாடு தெரிகிறது. செயல் எங்கே, எதனால் தடைப்பட்டது என்று விண்ணப்பதாரர் கவனித்திருக்கிறார். தெரபிஸ்ட் முதலில் கருவியைத் தராமல் கேள்வியைக் கேட்டதையும் அவர் தவறவிடவில்லை. வாசற்படியும் தரைவிரிப்பும் பத்திக்குள் வந்தது அலங்காரத்துக்காக அன்று. தள்ளுவண்டி வாசற்படியில் இடிக்கும், தரைவிரிப்பில் சிக்கும். சூழலும் செயலின் ஒரு பகுதி என்பதை அந்த இரு சொற்கள் காட்டிவிடுகின்றன. சமநிலையைப் பற்றிப் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டது, இத்தொழில்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்குவதை விண்ணப்பதாரர் அறிவார் என்பதற்குச் சான்று. இறுதியில் வரும் இரண்டு வாக்கியங்களும் முன்னே சொன்னவற்றால் சம்பாதிக்கப்பட்டவை; அவற்றை மட்டும் தனியே வைத்தால் வெறும் அழகுத் தொடர்களாகிவிடும்.

நீளம் இங்கே ஒரு சிக்கல்தான். பிரிட்டனின் பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பான யூகாஸ் வழியாக விண்ணப்பிப்பவர்களுக்கு, இடைவெளிகளையும் சேர்த்து மொத்தம் 4000 எழுத்துக்குறிகளே அனுமதி. 2026 சேர்க்கையிலிருந்து அது மூன்று கேள்விகளுக்கான விடைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 எழுத்துக்குறிகள் இருக்க வேண்டும் என்று வரையறுக்கப்பட்டுள்ளது. மற்ற இடங்களிலும் ஏதேனும் ஒரு வரம்பு இருக்கும். அதனால் இத்தகைய பத்தி ஒன்றுதான் அறிக்கையில் இடம்பெற முடியும். ஐந்து அனுபவங்களை ஐந்து வரிகளில் அடுக்குவதைவிட ஒன்றை இவ்வாறு முழுமையாகச் சொல்வதே மேல் என்பது என் உறுதியான கருத்து. இடம் போதாவிட்டால் மற்ற அனுபவங்களைச் சுருக்குங்கள். தடைப்பட்ட கணத்தைச் சுருக்காதீர்கள்.

நான்காம் படி: ஒப்பீட்டை எங்கே, எவ்வளவு சொல்வது

நேரடி ஒப்பீடு ஒன்றிரண்டு வாக்கியங்களுக்கு மேல் போகக் கூடாது. அதுவும் மேலே கண்டதுபோன்ற காட்சி முடிந்த பிறகு வருவதே நல்லது. தொடக்கத்திலேயே ஒப்பிட்டால், நீங்கள் தேர்ந்தெடுக்காத தொழில்களைப் பற்றிய அறிக்கையாக அது மாறிவிடும்.

முன்பு செவிலியத்துக்கோ பிசியோதெரபிக்கோ விண்ணப்பித்தவர்களும், அந்தத் துறையில் உதவியாளராக வேலை செய்தவர்களும் அதை மறைக்க வேண்டாம். அங்கே எந்தக் கேள்வி உங்களுக்கு விடையில்லாமல் நின்றது என்று சொல்லுங்கள். "உதவியாளராக நான் பலரைக் குளிப்பாட்டினேன், நேரம் இருந்திருந்தால் அவர்களில் சிலர் தாங்களே குளித்திருப்பார்கள் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தைச் சிகிச்சையாகவே ஒதுக்கும் தொழில் எது என்று தேடியபோதுதான் ஆக்குபேஷனல் தெரபியை அறிந்தேன்" என்று எழுதுபவர், பராமரிப்பு வேலையின் அருமையையும் அதிலிருந்து தாம் நகர்ந்ததன் காரணத்தையும் ஒருசேரச் சொல்லிவிடுகிறார். செவிலியம் சலிப்பாக இருந்தது என்றோ, பிசியோதெரபியில் இடம் கிடைப்பது கடினம் என்றோ எழுதுபவர் இதை மாற்று ஏற்பாடாகவே கருதுகிறார் என்று தேர்வாளர் முடிவுசெய்துகொள்வார்.

ஒரே அறிக்கையை வைத்து ஆக்குபேஷனல் தெரபிக்கும் பிசியோதெரபிக்கும் சேர்த்து விண்ணப்பிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். இரண்டுக்கும் பொருந்தும்படி எழுதினால் 'மறுவாழ்வு', 'சிகிச்சை' போன்ற பொதுச் சொற்களில்தான் தஞ்சம் புக வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட அறிக்கை இரண்டு தேர்வாளர்களிடமும் வலுவிழக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு எழுத உட்காருங்கள்.

ஐந்தாம் படி: தொழிலை உள்ளிருந்து அறிந்திருப்பதைக் காட்டுதல்

அறிக்கைகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது மனநலம். ஆக்குபேஷனல் தெரபியின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1917-இல் அமெரிக்காவில் இத்தொழிலுக்கான முதல் தேசியச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் வில்லியம் ரஷ் டண்டன் மனநல மருத்துவர். எலினார் கிளார்க் ஸ்லேகிள், மனநோயால் நீண்டகாலம் மருத்துவமனையில் இருந்தவர்களுக்கு அன்றாடப் பழக்கங்களை மீட்டுத் தரும் பயிற்சியை வகுத்தவர். இன்றும் இத்தொழிலுக்கான பயிற்சி உடல்நலம், மனநலம் இரண்டையும் தழுவுகிறது. வரலாற்றை அறிக்கையில் எழுத வேண்டியதில்லை. நீங்கள் கண்ட ஒரே காட்சி உடல் சார்ந்ததாக இருந்தால், மனநலப் பணியையும் அறிந்திருப்பதைக் காட்ட இரண்டு வாக்கியங்களாவது சேருங்கள். நீண்ட மனச்சோர்விலிருந்து மீள்பவர் ஒருவர் நூலகத்துக்குப் போக விரும்புகிறார். முதல் வாரம் தெரபிஸ்ட்டுடன் பேருந்து நிறுத்தம்வரை நடக்கிறார், பிறகு கூட்டமில்லாத நேரத்தில் ஒரு நிறுத்தம்வரை பயணம் செய்கிறார், அதன்பின் தனியே போகிறார் என்பது அங்கே நடக்கும் வேலைக்கு எடுத்துக்காட்டு. செயலைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஏற்றிக்கொண்டே போகும் அதே முறைதான் இங்கும் இருக்கிறது. சட்டையையும் பேருந்தையும் ஒரே சிந்தனை இணைப்பதைச் சுட்டிக்காட்டும் விண்ணப்பதாரர், தொழிலின் அகலத்தைப் புரிந்துகொண்டவர்.

கோட்பாடுகளையும் அளவீடுகளையும் குறிப்பிடுவதானால் ஒன்று போதும். அதையும் பயன்பாட்டோடு சொல்லுங்கள். கனடாவில் உருவான செயல்திறன் அளவீடு ஒன்று இத்துறையில் பரவலாகப் பயன்படுகிறது. அதில் நோயாளியே தமக்குச் சிரமமான செயல்களைச் சொல்லி, ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம், இப்போது எவ்வளவு நன்றாகச் செய்கிறார், அதில் எவ்வளவு நிறைவு என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பெண் தருகிறார். குளிப்பதற்குத் துணை வேண்டும் என்பதைப் பொருட்படுத்தாத ஒருவர், பேரக்குழந்தைக்குக் கதை படித்துக் காட்ட முடியாததை மிக முக்கியம் என்று குறிக்கலாம்; சிகிச்சை அங்கிருந்தே தொடங்கும். இந்த அளவீட்டின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்வதால் பயனில்லை. இலக்கை நோயாளி நிர்ணயிப்பது சிகிச்சையை எப்படி மாற்றுகிறது என்று ஒரு வரியில் சொன்னால், அந்த வரி இத்தொழிலுக்கே உரியதாகிவிடும்.

பேச்சு சிகிச்சைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு

முறை இதுவேதான்; கேள்வி மட்டும் மாறுகிறது. ஒருவரால் தம் எண்ணத்தைப் பிறருக்குப் புரியவைக்கவும், பிறர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும், பாதுகாப்பாக விழுங்கவும் முடிகிறதா என்பதே பேச்சு சிகிச்சையாளரின் கேள்வி. இதில் விழுங்குதலை மறந்துவிடுபவர்கள் ஏராளம். பக்கவாதம் வந்தவருக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் முதற்கட்ட விழுங்கல் சோதனையைச் செய்வது வழக்கம். அதில் ஐயம் எழுந்தால், விழுங்கும்போது எந்தக் கட்டத்தில் கோளாறு நிகழ்கிறது, உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறதா, எந்த அளவு அடர்த்தியுள்ள உணவும் பானமும் பாதுகாப்பானவை என்று விரிவாக ஆராய்பவர் பேச்சு சிகிச்சையாளர். உணவு, பானங்களின் தன்மையைப் பூச்சியத்திலிருந்து ஏழுவரை வகைப்படுத்தும் பன்னாட்டு அளவுமுறை ஒன்று இதற்குப் பயன்படுகிறது. இருமல் இல்லாமலே உணவு மூச்சுக்குழாய்க்குள் செல்லக்கூடும் என்பதால், கண்ணால் பார்த்து மட்டும் முடிவுசெய்ய முடியாத நிலையில் எக்ஸ்ரே காணொளிப் பரிசோதனையும் தேவைப்படும். செவிலியரின் சோதனை முடியும் இடத்தில் சிகிச்சையாளரின் ஆய்வு தொடங்குகிறது என்று எழுதினால், இங்கும் எவரையும் தாழ்த்தாமல் வேறுபாட்டைக் காட்டிவிடலாம்.

தொடர்பாடல் பக்கத்தில் காட்டத்தக்க காட்சிகள் நிறைய உண்டு. மூளையின் இடப் பக்கம் பாதிக்கப்பட்டு, அஃபேசியா என்னும் மொழித்திறன் பாதிப்பு ஏற்பட்ட ஒருவர், வேண்டுமா என்று எதைக் கேட்டாலும் 'ஆம்' என்கிறார். கேட்பவர்கள் அதை நம்பிச் செயல்படுகிறார்கள், அவர் எரிச்சலடைகிறார், ஒத்துழைக்காதவர் என்ற பெயர் வருகிறது. பேச்சு சிகிச்சையாளர் அதே கேள்வியைக் குறுகிய வாக்கியத்தில் கேட்டு, இரண்டு தெரிவுகளைப் படமாகவும் பெரிய எழுத்தில் ஒற்றைச் சொல்லாகவும் எழுதிக் காட்டுகிறார். நோயாளியின் வாய் 'ஆம்' என்கிறது. விரலோ மற்றொரு தெரிவைத் தொடுகிறது. அறிவு குன்றவில்லை, சொல்லை எடுக்கும் வழிதான் தடைப்பட்டிருக்கிறது என்பது அந்த விரலில் தெரிகிறது. அதன்பின் சிகிச்சையாளர் நோயாளிக்குப் பயிற்சி தருவதோடு நிற்காமல், அவருடன் பேசும் குடும்பத்தினருக்கும் பணியாளர்களுக்கும் பேசும் முறையைக் கற்றுத் தருகிறார். இதை நேரில் கண்டவர் எழுதும் பத்தியை ஆசிரியர் பயிற்சிக்கோ செவிலியத்துக்கோ மாற்றிப் போட முடியாது. தெளிவான உச்சரிப்பில் ஆர்வம், குழந்தைகளுடன் பழகும் விருப்பம் என்ற இரண்டை மட்டும் வைத்து எழுதப்படும் அறிக்கைகளோ எளிதில் மாறிப்போகின்றன.

அனுப்புவதற்கு முன்

அறிக்கையை இரண்டு பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒருவர் மருத்துவத் துறையைச் சாராதவராக இருக்கட்டும். படித்து முடித்ததும் அந்தத் தொழிலில் இருப்பவர் காலையில் என்ன வேலை செய்வார் என்று அவரிடம் கேளுங்கள். 'உதவுவார்' என்று பதில் வந்தால் காட்சி இன்னும் மங்கலாகவே இருக்கிறது. மற்றொருவர் செவிலியராகவோ பிசியோதெரபிஸ்ட்டாகவோ இருந்தால் மிக நல்லது. தம் தொழிலைப் பற்றி நீங்கள் எழுதிய வரி நியாயமானதா என்று அவர்தான் சொல்ல முடியும்.

நேர்காணலுக்கு அழைக்கப்பட்டால், நீங்கள் எழுதிய காட்சியையே எடுத்துவைத்துக்கொண்டு, "அந்தத் தள்ளுவண்டியைப் பிசியோதெரபிஸ்ட்டே கொடுத்திருக்கலாமே?" என்று கேட்பார்கள். மறுத்து வாதாட வேண்டாம். கொடுத்திருக்கலாம், பல இடங்களில் கொடுக்கவும் செய்கிறார்கள் என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு, அன்று தெரபிஸ்ட் சமையலறையில் தொடங்கி, சன்னலோர நாற்காலியைப் பற்றிக் கேட்டு, வாசற்படிவரை விசாரித்த வரிசையைச் சொல்லுங்கள். தள்ளுவண்டி அந்த விசாரணையின் முடிவில் வந்த ஒரு விடை. வாசற்படி இன்னும் உயரமாக இருந்திருந்தால் விடை வேறாக இருந்திருக்கும், ஒருவேளை மேடையின் அருகிலேயே ஓர் உயர்ந்த இருக்கையைப் போடும்படி தெரபிஸ்ட் பரிந்துரைத்திருப்பார் என்று விளக்குங்கள்.